மரப்பட்டையிலிருந்து சாம்பல் தட்டு வரை

காயம் படாத மரத்தில் சாம்பிராணி இல்லை. வேம்பிலும் கருவேலத்திலும் பிசின் தானாகவே கசிந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுச் செய்தி. சுமத்ராத் தீவின் வடக்கே, டபானுலி மலைப்பகுதியில், பட்டக் இன விவசாயிகள் வளர்க்கும் ஸ்டைராக்ஸ் என்ற மரத்தில் பட்டையைச் சுரண்டித் துப்புரவாக்கி, சிறு சிறு வெட்டுகளாகப் போடுகிறார்கள். தன் காயத்தை அடைக்க அந்த மரம் அப்போதுதான் பால் சுரக்கத் தொடங்குகிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அது தேங்கி, மூன்று நான்கு மாதங்களில் இறுகுகிறது. பிறகு ஏணியோ கயிறோ கொண்டு மறுபடி ஏறி, பட்டைத் துண்டோடு சேர்த்து அதைப் பெயர்த்து எடுக்கிறார்கள். முதலில் கிடைப்பது வெள்ளையாக இருக்கும், விலையும் அதற்குத்தான் அதிகம். அதே காயத்தில் பின்னால் ஊறி வருவது பழுப்பாகவும் பட்டைத் தூசு கலந்ததாகவும் இருக்கும். மலாய் மொழியில் சாம்பிராணிக்குக் கெமெஞான் என்று பெயர்.

மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நான் வாங்கிய கட்டி இந்த இரண்டாவது வகை. ஒரு பக்கம் உடைத்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்துக்குள் பாதாம் பருப்பை ஒடித்து வைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள். சுமத்ராச் சாம்பிராணியை அடையாளம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. வெள்ளைத் திட்டே இல்லாமல் கண்ணாடித் துண்டுபோல் ஒரே நிறத்தில் பளபளத்தால் அது பெரும்பாலும் வேறு ஏதோ பிசின். "அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர் சாம்பிராணிக்குப் போடுற சரக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா, அதெல்லாம் கரித்தூள்ல வாசனை ஊத்தி அச்சுல அமுக்குறது. இது கட்டி. இதை நெருப்புத் துண்டு மேல போட்டாத்தான் மணக்கும்" என்றார். அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் வீட்டில் கூம்பு செய்யும் வேலை முழுவதற்கும் திறவுகோல் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சுமத்ராவிலிருந்து நம் கரைக்கு இந்தச் சரக்கு வந்த வழி பழையது. டபானுலிக் கரையில் பாருஸ் என்றொரு துறைமுகம் உண்டு. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன இடம். அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த ஒரு கல்வெட்டு தமிழில் இருக்கிறது. ஆண்டு 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அங்கே கூடி, கப்பல்காரர்கள் செலுத்தவேண்டிய கட்டணத்தைக் கஸ்தூரியின் விலையைக் கொண்டு பொன்னாகக் கணக்கிட்டுத் தீர்மானித்திருக்கிறார்கள். வாசனைப் பொருளின் விலையே அளவுகோலாக இருந்த ஊர் அது. அரபு வணிகர்கள் அந்தப் பக்கத்துச் சாம்பிராணியை லுபான் ஜாவி என்றார்கள், அதாவது ஜாவாவின் பிசின். அந்தப் பெயர்தான் ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து பென்சாயின் ஆனது. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம், அந்த அமிலத்திலிருந்து பிரித்த திரவம் பென்சீன். வேதியியல் பாடநூலில் எத்தனையோ பக்கங்களில் வரும் அந்தச் சொல்லுக்குள் இந்த மரத்தின் காயம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கோயில்களில் சாம்பிராணிக்கு முன்பே வேறொரு பிசின் ஆட்சியில் இருந்தது. அது குங்கிலியம். திருக்கடவூரில் மனைவியின் தாலியைக் கொடுத்து நெல் வாங்கப் போனவர், வழியில் குங்கிலிய மூட்டையோடு வந்த வணிகனைப் பார்த்துத் தாலியைத் தூபத்துக்கே தந்துவிட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் பெயரே குங்கிலியக் கலய நாயனார். அவர் கையில் இருந்தது கலயம். அதில் தணல், தணலின்மேல் பிசின். பிசினை நெருப்பில் இடும் பழைய முறை அதுதான், அண்ணாச்சி சொன்னதும் அதுவேதான்.

தணலை ஏன் தனியாக வைக்கவேண்டும்? பிசினையே கொளுத்தினால் ஆகாதா? என் கட்டியிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டை எடுத்து, பழைய இரும்புக் கரண்டியில் வைத்து, கீழே மெழுகுவர்த்தியைக் காட்டினேன். முதலில் அது இளகியது. பிறகு தேன்போல் ஓடியது. வாசனை வந்தது. இன்னும் சூடு ஏறியதும் வாசனை மாறி, தொண்டையைப் பிடிக்கும் காட்டமான புகை எழுந்தது. பிசின் கட்டை மாதிரி கங்காக நின்று எரியாது, உருகும். உருகியது எங்கே இருந்தாலும் பரவி மூடிக்கொள்ளும். ஒரு கூம்பில் பிசின் மிகுந்தால், அதன் நுனிக் கங்கு தன் சூட்டாலேயே அடுத்த அடுக்குப் பிசினை உருக்கி, அந்தப் பாகு கங்கின்மேல் படர்ந்து காற்றை அடைத்துவிடும். கங்கு அணையும். கூம்பில் பிசின் விருந்தாளி. வீட்டுக்காரர் கரியும் மரத்தூளும்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் தடவை 100 கிராம் கலவையில் சாம்பிராணி மட்டும் 35 கிராம் போட்டேன். நல்ல பொருளை நிறையப் போட்டால் நன்றாக மணக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காய்ந்த கூம்பைக் கொளுத்தியதும் மூன்று நான்கு நிமிடம் வீடே கோயில் மாதிரி இருந்தது. பிறகு நுனியில் ஈரம்போல ஒரு மினுமினுப்பு தோன்றியது. அது ஈரமில்லை, உருகிய பிசின். அடுத்த நிமிடம் கங்கு செத்துவிட்டது. மறுபடி கொளுத்தினேன். அப்போதும் அதே இடத்தில் அதே மினுமினுப்பு. கூம்பு பாதியில் அணைந்தால் முதலில் அணைந்த வாயைப் பாருங்கள். மங்கலாய், சாம்பல் பூத்து இருந்தால் உள்ளே ஈரம் காயவில்லை என்று பொருள். கறுத்துப் பளபளத்தால் பிசின் அதிகம்.

இரண்டாம் தடவை கணக்கை மாற்றினேன். சாம்பிராணி 15 கிராம், அடுப்புக்கரித் தூள் 40, வெட்டிவேர்த் தூளும் காய்ந்த மரிக்கொழுந்தும் சேர்த்து 25, ஜிகட் பொடி 20. மொத்தம் 100. இதுதான் நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கும் அளவு. பிசினை 20 வரை ஏற்றிப் பார்த்திருக்கிறேன், எரிகிறது. அதற்கு மேல் போகவேண்டாம். குங்கிலியம் சேர்க்க ஆசைப்பட்டால் அந்த 15 கிராமுக்குள்ளேயே பங்கு போடுங்கள்.

ஜிகட் என்பது ஊதுபத்தித் தொழிலின் பசை. லிட்சியா என்ற மரத்தின் பட்டையைக் காயவைத்து இடித்த பழுப்புப் பொடி. தண்ணீர் பட்டதும் வெண்டைக்காய்ச் சாறுபோல் வழவழக்கும், காய்ந்ததும் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும். அதைவிட முக்கியம், அதுவும் மரத்தூள்தான் என்பதால் மற்றவற்றோடு சேர்ந்து கங்காகி எரிந்துவிடும். வேலம்பிசினைக் கரைத்து ஊற்றினாலும் கூம்பு உறுதியாக நிற்கும். ஆனால் அளவு மிஞ்சினால் கண்ணாடிபோல் இறுகி, எரிவதைத் தடுக்கும். ஜிகட்டுக்காக மேற்குத்தொடர்ச்சி மலையில் வேறு சில மரங்களையும் பட்டை உரித்தே கொன்றிருக்கிறார்கள் என்பது என்னை உறுத்தும் செய்தி. வீட்டுத் தேவைக்கு வாங்கும் 20 கிராமை வீணாக்காமல் பயன்படுத்துவதுதான் என்னால் முடிந்தது.

இனி கட்டியைத் தூளாக்கவேண்டும். மிக்சியில் போடாதீர்கள். பிளேடு சுழலும் சூட்டிலேயே பிசின் இளகி ஜாடியோடு ஒட்டிவிடும். நான் கட்டியை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த கையோடு கல்லுரலில் போட்டு, மேலே துணியை மூடி மெதுவாக இடிப்பேன். குளிர்ந்த பிசின் கற்கண்டுபோல் நொறுங்கும். பிறகு மாவுச் சல்லடையில் சலிப்பேன். சலிக்கும்போது எழும் தூசைக் கவனியுங்கள். பிசினின் மென்தூசும் கரித்தூசும் காற்றில் மிதக்கும்போது நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். கட்டியாக இருக்கும்போது சாதுவான பொருள் தூசானால் வேறு குணம். அதனால் அடுப்பு எரியும் சமையலறையிலோ விளக்கு எரியும் பூஜை அறையிலோ இந்த வேலையைச் செய்யக்கூடாது. திண்ணையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்வது நல்லது.

கரி விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. அடுப்பில் அணைத்து எடுத்த கரி வெளியே கறுத்திருந்தாலும் நடுவே கங்கு உயிரோடு இருக்கலாம். அதை உடனே இடித்துக் கலவையில் சேர்த்தால் இரவில் எந்நேரமும் புகையலாம். மூடியுள்ள தகர டப்பாவில் ஒரு முழுநாள் அடைத்து வைத்து, கையில் எடுத்தால் உள்ளும் புறமும் குளிர்ந்திருந்தால்தான் இடிக்கவேண்டும். சிலர் கூம்பு சீக்கிரம் பற்றட்டும் என்று வெடியுப்பு சேர்க்கச் சொல்வார்கள். கரியும் வெடியுப்பும் ஒன்றாக இருப்பது பட்டாசின் பாதி. நன்றாகக் காய்ந்த கூம்புக்கு அது தேவையே இல்லை, காயாத கூம்பை அது காப்பாற்றவும் போவதில்லை. கலவையில் கற்பூரமும் வேண்டாம். கற்பூரம் கங்காக நிற்காது, சுடராகப் பிடிக்கும். நமக்கு வேண்டியது சுடரில்லாத கங்கு.

எல்லாத் தூளையும் உலர்ந்த நிலையிலேயே இரண்டு முறை சேர்த்துச் சலித்து, நிறம் ஒன்றாகும்வரை கலந்தபின்தான் தண்ணீர். முதலில் 60 மில்லி ஊற்றிப் பிசைந்து அரைமணி மூடி வைப்பேன். ஜிகட் அந்த நேரத்தில்தான் ஊறி விரியும். ஊறுவதற்கு முன் "வறண்டு இருக்கே" என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் பிறகு களியாகிவிடும். அரைமணி கழித்துத் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்த்தால் பெரும்பாலும் 80, 90 மில்லியில் முடியும். சப்பாத்தி மாவைவிடச் சற்றே இறுக்கம். உருட்டி நசுக்கினால் ஓரம் வெடிக்கக்கூடாது, கையிலும் ஒட்டக்கூடாது.

கூம்பு உயரம் மூன்று சென்டிமீட்டர், அடி சுமார் ஒரு சென்டிமீட்டர். இதைவிடக் குண்டாகச் செய்தால் நடுப்பகுதி காயாது. நுனியைக் கூராக்குங்கள், கொளுத்துவதற்கு அதுதான் வாசல். 100 கிராம் தூளுக்கு நூறு கூம்புக்கு மேலேயே வரும். இதே மாவில் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொண்டால் ஊதுபத்தியும் ஆகும். மணையில் மரத்தூளைத் தூவி, எலுமிச்சை விதை அளவு மாவு உருண்டைகளை வரிசையாக வைத்து, மூங்கில் குச்சியை அவற்றின்மேல் உள்ளங்கையால் உருட்டினால் மாவு குச்சியைச் சுற்றி ஏறும். சொல்லும்போது எளிது. முதல் முப்பது குச்சிகள் எனக்குப் பாம்பு விழுங்கிய எலிபோல் ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வந்தன. மெலிந்த இடத்தில் கங்கு விறுவிறுவென ஓடும், புடைத்த இடத்தில் திணறும். கை பழகும்வரை கூம்போடு நிற்பது நல்லது என்பது என் தீர்ப்பு.

காயவைப்பது நிழலில். வெயிலில் வைத்தால் வெளித்தோல் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் இருக்க, நெடுக வெடிப்பு விழும். ஓவனிலோ அடுப்பு மேடையிலோ வைத்துக் காயவைப்பது ஆபத்து. அங்கே பிசின் உருகவும் பற்றவும் தேவையான எல்லாமே இருக்கிறது. காற்றோட்டமான மூலையில் முறத்தில் பரப்பி, நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் கோடையில் நான்கைந்து நாள், ஐப்பசி மழையில் பத்து நாளும் ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்லமுடியாது. பத்துக் கூம்பைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளும் அதே பத்தை நிறுங்கள். இரண்டு நாள் ஒரே எடை நின்றால்தான் உள்ளிருந்த தண்ணீர் போய்விட்டது.

அந்தப் பொறுமை இல்லாமல் மூன்றாம் நாளே நான் ஒன்றைக் கொளுத்தினேன். முறத்துக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் ஓரத்திலேயே ஒரு கிண்ண மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் கூம்பை நிறுத்தினேன். பாதி எரிந்ததும் ஈரமான அடிப்பாகம் சூட்டில் விரிந்து வெடித்து, கூம்பு சாய்ந்து, கங்கு உருண்டு தாளில் விழுந்தது. நான் அடுத்த அறையில் தொலைபேசியில் இருந்தேன். தாள் கருகும் வாடை தெரிந்து ஓடிவந்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்து, அதன் ஓரம் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. மூன்று விரற்கடை தள்ளி நூறு கூம்புகள். அருகில் இருந்த சொம்புத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. ஜன்னல் திரை அன்று துவைக்கப் போயிருந்தது.

அன்றிலிருந்து செய்யும் இடமும் கொளுத்தும் இடமும் என் வீட்டில் வேறு வேறு. கொளுத்துவது ஓர் அகன்ற மண்தட்டில். அதில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணல் இருக்கும். கூம்பு அடிவரை எரியும்போது தன் முழுச் சூட்டையும் கீழே இறக்குகிறது. வெறும் பித்தளைத் தட்டு அந்தச் சூட்டை அப்படியே மேசைக்குக் கடத்தும், பிளாஸ்டிக் மேசையானால் வட்டமாகக் குழி விழும். மணல் சூட்டைத் தாங்கும், உருண்டு விழும் கங்கையும் பிடித்துக்கொள்ளும். ஊதுபத்தியை வாழைப்பழத்தில் குத்திவைக்கும் நம் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பழம் கனிந்து இளக இளகக் குச்சி சாயும். சாயும் பக்கத்தில் சுவாமி படத்தின் பட்டுத்துணியோ பூச்சரத்தின் நாரோ இருக்கும். தட்டைச் சுற்றிக் கை நீட்டும் தூரத்தில் துணி, தாள், சானிடைசர் எதுவும் இருக்கக்கூடாது. மேலே தட்டலமாரியும் கூடாது. மின்விசிறி நேராக அடிக்கக்கூடாது. கூம்பு எரியும் கால் மணி நேரமும் யாராவது ஒருவர் அந்த அறையில் இருக்கவேண்டும். அப்படி இருக்க முடியாவிட்டால் நுனியை மணலில் தலைகீழாகக் குத்தி அணைத்துவிட்டுப் போவதுதான் சரி.

கையில் சுட்டுக்கொண்டால் சாதாரணத் தீப்புண்ணுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உருகிய பிசின் தோலில் ஒட்டிக்கொள்ளும். பதறிப் பிய்த்தால் தோலோடு வரும். ஒட்டியபடியே குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். குளிர்ந்தபின் பிசின் விடவில்லையென்றால் அதை மருத்துவர் எடுக்கட்டும்.

குளிப்பாட்டிய கைக்குழந்தையைத் தூபக்காலின்மேல் காட்டித் தலை உலர்த்தும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பாட்டிமார் பாசத்தோடு செய்ததுதான். இருந்தும் சொல்லவேண்டும். சாம்பிராணிப் புகையும் புகைதான், குழந்தையின் நுரையீரலுக்கு அது ஆகாது. ஜன்னலைச் சாத்திய அறையில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடையும் விடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குழந்தையின் தலையைத் துண்டால் துவட்டுங்கள். இளைப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் ஒரு கூம்போடு நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சரியாகக் காய்ந்த கூம்பின் நுனியைக் கொளுத்தி, சுடர் பிடித்ததும் பத்து எண்ணி ஊதி அணைத்தால் ஒரு செம்புள்ளி நிற்கும். அதற்குச் சற்றுக் கீழே, இன்னும் எரியாத பகுதியில், பிசின் இளகி ஆவியாகத் தொடங்கும். வாசனை அங்கிருந்துதான் வருகிறது, செம்புள்ளியிலிருந்து அல்ல. கங்கு மேலிருந்து துரத்த, மணம் ஒரு நூல் அளவு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் வெட்டிவேரின் மண்வாசம், பிறகு சாம்பிராணியின் இனிப்பு. கடைசியில் கூம்பின் உருவம் கலையாமல் சாம்பல் மட்டும் நிற்கும். தொட்டால் உதிரும். அப்படி முழு உருவத்தோடு வெளுத்த சாம்பல் நின்றால் உங்கள் அளவு சரி.

அந்தச் சாம்பலை உடனே குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். வெளுத்த சாம்பலுக்குள் கடுகளவு கங்கு ஒளிந்திருந்தாலும், கூடையில் கிடக்கும் தாளுக்கும் பிளாஸ்டிக் பைக்கும் அது போதும். மணல் தட்டிலேயே மறுநாள் காலைவரை விட்டுவிட்டு, ஒரு கைத் தண்ணீர் தெளித்து, பிறகு அள்ளிப் போடுங்கள்.